நாட்டுப்பண்ணுக்கு முன் நான்கு நிமிடம்

தொழில் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலில் கடைசி வரி நாட்டுப்பண். அதற்கு முந்தைய வரி நன்றியுரை. அந்த இரண்டு வரிக்கும் வந்து சேரும்போது மணி ஐந்தேகால் ஆகியிருக்கும். பின்வரிசையில் பை ஜிப் இழுபடும். வெளியே காபி டிரம்மைத் திறந்துவிட்டார்கள் என்பது மணத்திலேயே தெரியும். அந்த நேரத்தில் சங்கத்தின் இணைச் செயலாளரோ பொருளாளரோ மைக்கைப் பிடிப்பார். பெரும்பாலும் அன்று காலையில்தான் அவரிடம் சொல்லியிருப்பார்கள்: “நன்றி நீங்க சொல்லிருங்கண்ணா, ரெண்டே வார்த்தை போதும்.”

அரங்கில் எல்லோருக்கும் ஒரே மொழி என்றால் இது பெரிய சங்கதி இல்லை. கோவை, திருப்பூர், ஓசூர், சிவகாசி போன்ற ஊர்களின் தொழில் கருத்தரங்குகளில் அப்படி அமைவது அரிது. முன்வரிசையில் தமிழே தெரியாத வெளிமாநில விருந்தினர் ஒருவர் இருப்பார். ஆங்கிலம் புரிந்தாலும் ஆங்கிலத்தில் பேசக் கூச்சப்படும் பட்டறைக்காரர்கள் நடுவில் இருப்பார்கள். ஆங்கிலம் வேகமாகப் போனால் விட்டுவிடுகிறவர்களும் அவர்களோடு இருப்பார்கள். அப்பாவின் ஃபவுண்டரியை எடுத்து நடத்தும் இளைய தலைமுறைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் தமிழ் உரைநடை நீண்டால் செல்போனை எடுத்துவிடும்.

இந்தக் கூட்டத்தின் முன் நன்றி சொல்ல வருகிறவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். வெளியூர் விருந்தினரை உத்தேசித்து முழுவதையும் ஆங்கிலத்தில் முடிப்பார்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரருக்கு அது யாருக்கோ சொன்ன நன்றியாகிவிடும். அல்லது ஒவ்வொரு வரியையும் தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை சொல்வார்கள். நான்கு நிமிடம் எட்டாகும். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள்தான் அரங்கில் அதிகம் என்பதால், பெரும்பாலோர் எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்பார்கள். கைதட்டலும் பாதிப் பாதியாக உடையும்.

வேலை செய்கிற முறை எளிது. ஒவ்வொரு நன்றியையும் ஒரே ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். அதையும் நன்றி பெறுகிறவரின் மொழியில் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு கூடாது. இதைச் சரியாகச் செய்ய மேடையேறும் முன்பே சில முடிவுகள் எடுத்திருக்க வேண்டும்.

யார் சார்பில் பேசுகிறோம்?

நம் சங்கங்களின் கூட்ட நடைமுறை பெரும்பாலும் பிரிட்டிஷ் சங்கங்களிடமிருந்து வந்தது. அங்கே நன்றி தெரிவிப்பது ஒரு தீர்மானம். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், அவை கைதட்டி அதை நிறைவேற்றும். முன்மொழிவதும் வழிமொழிவதும் இங்கே உதிர்ந்துவிட்டன. கைதட்டல் மட்டும் நின்றது. ஆனால் அடிப்படை மாறவில்லை. நன்றி சொல்பவர் அவையின் சார்பில் பேசுகிறார். அவர் தன்னுடைய கருத்தையோ, சங்கத்தின் சாதனையையோ, அடுத்த மாதக் கூட்டத்தின் விளம்பரத்தையோ சொல்ல வந்தவர் அல்ல. அவையில் இருப்பவர் காபிக்கு எழுந்து போகும்போது விருந்தினரிடம் என்ன சொல்லியிருப்பாரோ, அதைத்தான் இவர் மைக்கில் சொல்கிறார்.

இதில் தமிழ் ஒரு வசதி தருகிறது, ஒரு கண்ணியும் வைக்கிறது. விருந்தினரைப் பற்றி அவையிடம் பேசும்போது “நமக்குச் சொன்னார்கள்” என்று வர வேண்டும். விருந்தினரின் முகத்தைப் பார்த்துப் பேசும்போது “எங்களுக்குச் சொன்னீர்கள்” என்று மாற வேண்டும். அரைத்தூக்கத்தில் இரண்டையும் கலந்து, விருந்தினரைப் பார்த்தே “நம்ம கஷ்டம் இவருக்குப் புரிஞ்சிருக்கு” என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. ஆகவே தமிழ்ப் பகுதி முழுவதும் அவையைப் பார்த்தே பேசுவது, ஆங்கிலப் பகுதியை மட்டும் விருந்தினரைப் பார்த்துப் பேசுவது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. மொழி மாறும்போது முகமும் திரும்பும். யாரிடம் பேசுகிறார் என்று அவைக்கும் தெரியும்.

ஒரு தாள்

எடுத்துக்காட்டுக்கு ஒரு கருத்தரங்கை வைத்துக்கொள்வோம். இடம் கோவை. காலம் 2024 பிப்ரவரி. பொருள், சிறு தொழில்களுக்கு வர வேண்டிய நிலுவைப் பணம். அந்த மாதங்களில் சிறுதொழில் வட்டாரத்தில் எங்கே கூடினாலும் இதே பேச்சுதான். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தைச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் தராத வாங்குநர், அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது, கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம் என்ற வருமானவரி விதி அந்த நிதியாண்டுக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்திருந்தது.

பேச்சாளர்கள் நான்கு பேர். தொடங்கி வைத்தவர் மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர், தமிழில் பேசினார். அடுத்து ஆடிட்டர், தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினார். மூன்றாமவர் புனேயில் ஒரு பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் தலைவர், ஆங்கிலம் மட்டும். நான்காமவர் வங்கி அதிகாரி. சொந்த ஊர் பாலக்காடு, தமிழில் பேசினார். இவர்களைத் தவிர அரங்கச் செலவை ஏற்ற ஒரு மென்பொருள் நிறுவனம், உதவிக்கு வந்த கல்லூரி மாணவர்கள், மைக் செட், சமையல், பத்திரிகையாளர்கள், வந்திருந்த உறுப்பினர்கள்.

இணைச் செயலாளரின் கையில் காலையிலிருந்தே ஒரு தாள் இருக்க வேண்டும். அதில் மூன்று பத்தி. முதல் பத்தியில் பெயரும் பதவியும். இது முந்தைய நாளே எழுதிவிடக்கூடியது. இரண்டாவதில் எந்த மொழி என்பது. மூன்றாவது காலியாக இருக்கும். அன்று அந்த அரங்கில் அவர் சொன்ன, அல்லது செய்த ஒரே ஒரு விஷயம் அதில் ஏற வேண்டும். அந்த மூன்றாவது பத்திதான் நன்றியுரை. அதை முந்தைய நாள் எழுத முடியாது. எழுதியவர்களின் உரையில்தான் “சிறப்பானதோர் உரையை ஆற்றிய”, “தம் பொன்னான நேரத்தை ஒதுக்கிய” என்ற வரிகள் நான்கு பேருக்கும் மாறி மாறி வரும்.

மூன்றாவது பத்தியில் எதை எழுதுவது என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அந்த வரியில் பெயரை மாற்றி அடுத்த பேச்சாளரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் அடித்துவிட வேண்டியதுதான். “சட்ட நுணுக்கங்களை எளிமையாக விளக்கினார்” என்பது எந்த ஆடிட்டருக்கும் பொருந்தும். “எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், இரண்டு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு போனால் போதும் என்றார்” என்பது அன்றைக்கு அந்த மேடையில் நின்றவருக்கு மட்டுமே பொருந்தும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்வதும் இதைத்தான். உறுப்பினர் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய செய்தி நன்றியுரையில் இன்னொரு முறை காதில் விழுகிறது. பேச்சாளருக்கும் தான் சொன்னது போய்ச் சேர்ந்தது தெரிகிறது.

பெயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வடநாட்டுப் பெயரைத் தமிழில் எழுதிப் படித்தால் ஒலி கரைந்துவிடும். குப்தாவின் முதலெழுத்து குடையின் முதலெழுத்தாகிவிடும். பாட்டியா என்று எழுதி அவசரத்தில் படித்தால் அரங்கில் யாருடைய பாட்டியோ வந்துவிடுவார். தாளில் அந்தப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வது ஒரு வழி. அதைவிட நல்லது, மதிய உணவின்போது அவரிடமே போய், உங்கள் பெயரை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு, ஒரு முறை அவர் முன்னாலேயே சொல்லிப் பார்ப்பது. யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. மேடையில் தப்பாகச் சொன்னால்தான் மனதில் வைத்துக்கொள்வார்கள்.

அடைமொழிகளும் அப்படியே. ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர் முனைவர். வைத்தியம் பார்க்கிறவர் டாக்டர் அல்லது மருத்துவர். மாவட்ட ஆட்சித் தலைவர் வந்திருந்தால் பெயருக்குப் பின் இ.ஆ.ப. வரும். ‘மாண்புமிகு’ அமைச்சருக்கு உரியது. சங்கத் தலைவருக்கு அதைப் போட்டால் அவரே நெளிவார். தமிழில் ஒருவருக்கு ‘அவர்கள்’ போட்டால் அந்த வரிசையில் உள்ள எல்லோருக்கும் போட்டாக வேண்டும். நான்கு பேரில் ஒருவருக்கு மட்டும் அது விடுபட்டால் அரங்கில் வேறு யார் கவனிக்காவிட்டாலும் அவர் கவனித்திருப்பார்.

வாக்கியத்தின் வால்

மொழி கலப்பதில் ஒரு கட்டுப்பாடு மட்டும் போதும். தொழிலில் புழங்கும் பெயர்ச்சொற்கள் எந்த மொழியிலும் வரலாம்; ஆனால் எந்த மொழியில் வாக்கியத்தைத் தொடங்கினோமோ அதே மொழியில் முடிக்க வேண்டும். பில், பேமென்ட், ஜாப் ஒர்க், பர்ச்சேஸ் ஆர்டர் எல்லாம் பட்டறையில் அப்படித்தான் சொல்லப்படுகின்றன. அவற்றைத் தூய தமிழாக்கினால் கேட்பவர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுவார். நன்றி போய்ச் சேராது. பெயர்ச்சொல் கலந்தால் பாதகமில்லை. வினை ஒன்றாகவும் முடிவு வேறாகவும் போவதுதான் சிக்கல்.

காரணம் இதுதான். தமிழில் வினை கடைசியில் வரும். “புனேயிலிருந்து நமக்காக வந்திருக்கும்…” என்று தொடங்கி, நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவி, “வி தேங்க் ஹிம்” என்று முடித்தால், தமிழ் மட்டும் கேட்டவருக்கு வினை கிடைக்கவில்லை. ஆங்கிலம் மட்டும் கேட்டவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. இருவரும் பாதி வாக்கியத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

கைதட்டலும் இந்த வாக்கிய அமைப்பைப் பொறுத்ததே. தமிழில் பெயர், காரணம் எல்லாம் முன்னால் வந்து “நன்றி” கடைசியில் விழும். அவை அதைக் கேட்டதும் தட்டும், எதுவும் அடிபடாது. ஆங்கிலத்தில் வழக்கமாக “தேங்க் யூ” முதலில் வரும். அது காதில் விழுந்ததுமே கூட்டம் தட்டத் தொடங்கும். எதற்காக நன்றி என்பது கைதட்டலுக்குள் புதைந்துவிடும். ஆகவே ஆங்கிலப் பகுதியிலும் காரணத்தை முதலில் சொல்லி, “தேங்க் யூ, சார்” என்பதைக் கடைசியில் வைக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தால் விருந்தினர் தன்னைப் பற்றிச் சொன்னதை முழுதாகக் கேட்பார்.

உரை

மேடையில் நிறுத்தி நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு தமிழ்ச் சொல்லுக்கு மேல் போகாது. கைதட்டலுக்கும் இடம் விட வேண்டும். ஆகவே நான்கு நிமிடத்துக்கு முந்நூறு சொல்லுக்குள் நிறுத்துவது நல்லது. நாம் எடுத்துக்கொண்ட கருத்தரங்கின் நன்றியுரை இப்படி அமையலாம். பெயர் வரும் இடங்களில் இங்கே பதவியை மட்டும் தந்திருக்கிறேன். ஆங்கிலப் பகுதி தமிழெழுத்தில் இருக்கிறது.

“எல்லோருக்கும் வணக்கம். குட் ஈவினிங். நான்கே நிமிடம், பிறகு நாட்டுப்பண், அதன் பின் காபி.

பில் போட்டுவிட்டுக் காத்திருப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயம். மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர் அவர்கள் காலையில் முதல் கேள்வியே நம்மைப் பார்த்துக் கேட்டார்கள்: உத்யம் பதிவு இல்லாதவர்கள் யார்? எத்தனை கை எழுந்தது என்று எல்லோரும் பார்த்தோம். கேட்டதோடு விடாமல் வெளியே ஒரு மேசை போட்டு, சாப்பாட்டு நேரத்திலேயே பதிவு செய்துகொடுக்க ஆள் உட்கார வைத்த பொது மேலாளர் அவர்களுக்கு நம் நன்றி.

எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். இந்த இரண்டு எண்ணுக்காக மட்டுமே இன்று வந்திருக்கலாம். கேள்வி நேரம் முடிந்த பிறகும் வராந்தாவில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்த ஆடிட்டர் அவர்களுக்கு நம் நன்றி.

சார், யூ சிட் ஆன் தி பையர்ஸ் சைட் ஆஃப் தி டேபிள். டுடே யூ ஷோட் அஸ் வேர் அவர் பில்ஸ் கெட் ஸ்டக் ஆன் தட் சைட். யூ கேம் ஆல் தி வே ஃப்ரம் புனே டு டூ திஸ். தேங்க் யூ, சார்.

தமிழில் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னவர் நம் இளைஞர் அணிச் செயலாளர். அவர் இல்லாவிட்டால் பாதிக் கேள்வி நம் வாயிலேயே நின்றிருக்கும். அவருக்கும் நன்றி.

பில்லை வைத்துப் பணம் வாங்க டிரெட்ஸ் என்று ஒரு வழி இருப்பதை ஒரு பில்லையே திரையில் போட்டுப் படிப்படியாகக் காட்டிய வங்கி அதிகாரி அவர்களுக்கு நம் நன்றி.

அரங்கச் செலவை முழுவதும் ஏற்றுக்கொண்ட மென்பொருள் நிறுவனத்துக்கும், செய்தி எடுக்க வந்திருக்கும் பத்திரிகை, தொலைக்காட்சி நண்பர்களுக்கும் நன்றி. காலை ஏழு மணிக்கே வந்து நாற்காலி போட்ட கல்லூரி மாணவர்கள், மைக் செட் அண்ணன், சமையல் கட்டில் இருக்கும் அண்ணன், அக்கா எல்லோருக்கும் சேர்த்து ஒரு பலத்த கைதட்டல் தருவோம்.

ஒரு வேலை நாளில் பட்டறையை விட்டுவிட்டு மாலை வரை உட்கார்ந்திருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. தேங்க் யூ ஆல்.

நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்போம். ப்ளீஸ் ரைஸ் ஃபார் தி நேஷனல் ஆந்தம்.”

அதில் என்ன நடந்தது?

முழு உரையிலும் இரண்டு மொழியிலும் சொல்லப்பட்டவை மூன்றே இடங்கள்: வணக்கம், அவைக்கு நன்றி, எழுந்து நிற்கச் சொன்னது. இவை மூன்றும் அரங்கில் உள்ள அனைவருக்கும் உரியவை; எல்லோரும் உடனே செயல்பட வேண்டியவை. மற்றவை ஒவ்வொன்றும் ஒருவருக்கு உரியவை, ஆகவே ஒரு முறை.

புனே விருந்தினருக்கென்று மொத்த உரையில் நான்கே வாக்கியம்தான் இருக்கிறது. அது குறைவு என்று தோன்றலாம். ஆனால் முழு ஆங்கில உரையில் அவருக்குக் கிடைப்பதும் அதே நான்கு வாக்கியம்தான். மற்றவை பிறருக்குச் சொல்லப்படுபவை. இங்கே மூன்று நிமிடத் தமிழுக்கு நடுவில் பேசுபவர் திடீரென்று தன் பக்கம் திரும்பித் தன் மொழியில் பேசும்போது, அவர் நிமிர்ந்து உட்கார்வார். அவருடைய முறை எப்போது வரும் என்று பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லி வைத்தால் இன்னும் நல்லது.

அவருக்குச் சொன்ன ஆங்கிலம் எளிமையாக இருப்பதையும் கவனியுங்கள். தமிழ் உறுப்பினருக்கும் அது புரியும். பெரிய கம்பெனியின் வாசலில் சரக்கு இறங்கியும், ஜிஆர்என் என்னும் சரக்கு வரவுச் சீட்டைப் போடாமல் வைத்திருந்தால் பில் கணக்குப் பிரிவுக்கே போகாது என்பதை அவர் ஒரு மணிநேரம் விளக்கியிருப்பார். நன்றியுரையில் அதை மறுபடி விளக்கக் கூடாது. எங்கே மாட்டிக்கொள்கிறது என்று காட்டினீர்கள் என்றால் போதும். கேட்டவர்களுக்கு மற்றது நினைவுக்கு வரும். அதற்கடுத்த தமிழ்ப் பகுதியும் ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பு இல்லை. அது வேறொருவருக்கு, மொழிபெயர்த்து உதவியவருக்கு, சொன்ன நன்றி. இருமொழி அரங்கில் அன்றைக்கு மிகவும் உழைத்தவர் அவர்தான். அழைப்பிதழில் பெயர் இல்லாததால் மறந்துவிடுவதும் அவரைத்தான்.

வங்கி அதிகாரியைப் பற்றிய வரியில் ஒன்று வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. அவருடைய தமிழில் மலையாள வாடை இருந்திருக்கும். “மலையாளியாக இருந்தும் அழகாகத் தமிழ் பேசினார்” என்று பாராட்டுவது பலருக்கும் நாக்கு நுனியில் நிற்கும் வரி. பாராட்டாகத்தான் சொல்வார்கள், ஆனால் அவர் பேசிய விஷயத்தை விட்டுவிட்டுப் பேசிய விதத்துக்கு மதிப்பெண் போட்டதாக ஆகிவிடும். அவர் திரையில் காட்டியது அதைவிட முக்கியம். டிரெட்ஸ் என்பது ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற இணைய மேடை. வாங்குநர் ஒப்புக்கொண்ட பில்லை அங்கே ஏற்றினால் வங்கிகள் போட்டி போட்டு விலை கேட்கும். பணம் முன்கூட்டியே கைக்கு வரும்; பின்னால் வாங்குநர் தராவிட்டால் அது வங்கிக்கும் வாங்குநருக்கும் உள்ள கணக்கு.

செலவை ஏற்றவர்களின் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பேனரில் ஒரு பெயர், பதிவில் இன்னொரு பெயர் இருக்கும். மேடையில் சுருக்கிச் சொன்னால் மறுநாள் போன் வரும்.

எங்கே சறுக்கும்?

அதிகம் சறுக்குவது நீளத்தில். நான்கு பேச்சாளரின் உரையையும் சுருக்கிச் சொல்லத் தொடங்கினால் நன்றியுரை ஐந்தாவது உரையாகிவிடும். இதை மேடையிலிருந்தே கண்டுபிடிக்கலாம். முதல் அறிகுறி கைதட்டல். மூன்றாவது நன்றிக்கு வந்த சத்தம் முதல் நன்றிக்கு வந்ததில் பாதியாக இருக்கும். அடுத்தது நாற்காலி நகரும் ஓசை. கடைசியாக, தொகுப்பாளர் மேடையின் ஓரத்துக்கு வந்து நிற்பார். இரண்டாவது அறிகுறியிலேயே மாணவர்கள், மைக் செட், சமையல் என்ற வரிக்குத் தாவி, அவைக்கு நன்றி சொல்லி இறங்கிவிட வேண்டும். ஆனால் பேச்சாளர் ஒருவரையும் செலவு ஏற்றவரையும் தாண்டக் கூடாது. அதனால்தான் மாணவர்கள், மைக் செட், சமையல் என்ற வரிக்கு முன்பே அவர்கள் வந்துவிடுகிறார்கள். செலவு ஏற்றவர் பேச்சாளர்களுக்கு அடுத்து வருகிறார்.

அடுத்த சறுக்கல், விடுபட்ட பெயர். “யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்கவும்” என்ற வரி பல நன்றியுரைகளில் பாதுகாப்புக்காக வருகிறது. விட்டுப்போனவருக்கு அந்த வரியால் ஆறுதல் கிடைப்பதில்லை. அதைவிட, தேநீர் இடைவேளையில் தாளைச் செயலாளரிடமும் தொகுப்பாளரிடமும் காட்டினால் பெரும்பாலும் சிக்கிவிடும். காலையில் அச்சடித்த பட்டியலில் இல்லாமல் இடையில் வந்து மேடையில் உட்கார்ந்தவர்கள், வராமல் வேறொருவரை அனுப்பியவர்கள், இந்த இரண்டு வகைதான் விடுபடுவார்கள். வராதவருக்கு, வந்து பேசியதாக நன்றி சொல்லும் விபத்தும் இங்கேதான் நடக்கிறது. இறங்கிய பிறகு நினைவுக்கு வந்தால் மறுபடி மைக்குக்கு ஓட வேண்டாம். நாட்டுப்பண்ணுக்கு முன் ஒரே வரியில் சொல்லும்படி தொகுப்பாளரிடம் சீட்டு கொடுக்கலாம்.

மூன்றாவது, முடிவு. தமிழ்நாட்டு நிகழ்ச்சிகள் தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி நாட்டுப்பண்ணில் முடிகின்றன. நன்றியுரையின் கடைசி வரி அந்த நாட்டுப்பண்ணுக்கான அழைப்பு. அதற்குப் பிறகு “அப்புறம் ஒரு சின்ன அறிவிப்பு, சான்றிதழை அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சேர்த்தால், பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள், மீதிப் பேர் கதவை நோக்கி நடப்பார்கள். மைக் செட்காரர் அதற்குள் பாட்டைப் போட்டுவிட்டால் அறிவிப்பும் கேட்காது, மரியாதையும் போகும். சான்றிதழ், கருத்துப் படிவம், வாகனம், இரவு உணவு போன்ற அறிவிப்புகள் தொகுப்பாளரின் வேலை. அவற்றை நன்றியுரைக்கு முன்பே முடித்துவிடச் சொல்ல வேண்டும். மைக் செட்காரரிடமும் எந்த வாக்கியத்துக்குப் பிறகு நாட்டுப்பண் என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். கடைசி வாக்கியம் எந்த மொழியில் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், முதல் மொழியிலேயே பாட்டைத் தொடங்கிவிட மாட்டார்.

நான்கு நிமிடத்தில் எல்லோரையும் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. நாள் முழுக்க வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவர், விமான நிலையம் போய் விருந்தினரை அழைத்து வந்த டிரைவர், வங்கியில் விடுப்புக்கு அனுமதி தந்த மேலதிகாரி எனப் பட்டியல் நீளும். அவர்களுக்கு இடம் மறுநாள் கடிதத்தில். அதே தாளை எடுத்து, இரண்டாவது பத்தியில் குறித்த மொழியில், மூன்றாவது பத்தியில் எழுதிய அந்த ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு, பேச்சாளர்களுக்கும் விடுபட்டவர்களுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பொது மேலாளருக்குத் தமிழில் கடிதம், புனேக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல், டிரைவருக்கு ஒரு போன் என்று அரைநாளில் முடிந்துவிடும் வேலை அது. புனேக்குப் போகும் மின்னஞ்சலில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருக்கட்டும்: மேடையில் தமிழில் சொன்னவை என்ன என்று. அன்று மற்றவர்கள் எதற்காகக் கைதட்டினார்கள் என்று அவருக்கும் தெரிந்துவிடும்.